அனுப்பிவிட்ட மின்னஞ்சலில் தேதி தவறாகிவிட்டால்: திருத்தம் அனுப்பும் முறை

பயிற்சி வகுப்பு "மார்ச் 13, வியாழக்கிழமை" என்று பலருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டீர்கள். 2026இல் மார்ச் 13 வெள்ளிக்கிழமை என்பது பிறகுதான் கண்ணில் படுகிறது. தேதியை நம்பியவர் ஒரு நாளும் கிழமையை நம்பியவர் வேறொரு நாளும் வந்து நிற்பார்கள் என்பதால், இதைத் திருத்தியே ஆக வேண்டும். வெறும் எழுத்துப்பிழை என்றால் விட்டுவிடலாம்.

ஜிமெயிலில் அனுப்பியதும் தோன்றும் "Undo" பொத்தான், அமைப்பைப் பொறுத்து 5 முதல் 30 வினாடி வரையே இருக்கும். அவுட்லுக்கின் திரும்பப் பெறும் வசதி உங்கள் நிறுவனத்துக்கு வெளியே உள்ளவர்களிடம் செல்லாது. ஆகவே பெரும்பாலும் திருத்த மடல்தான் வழி.

முதலில், சரியான விவரத்தை நினைவிலிருந்து எடுக்காமல், வகுப்பு நடத்துபவரிடமோ மூல ஆவணத்திலோ உறுதி செய்யுங்கள். அந்த மடலின் நேரம், இடம், இணைப்பு ஆகியவற்றையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள். திருத்தத்துக்கு இன்னொரு திருத்தம் அனுப்புவதுதான் உண்மையான சங்கடம்.

அடுத்து, "Sent" பகுதியில் பழைய மடலைத் திறந்து "Reply all" கொடுங்கள். பழைய மடல் கீழே இருப்பதால், எதைத் திருத்துகிறீர்கள் என்பது விளங்கும். "Bcc"யில் யாரையாவது சேர்த்திருந்தால் அவர்கள் விடுபட்டுவிடக்கூடும். பெறுநர் பட்டியலை ஒப்பிட்டு, அவர்களை மீண்டும் "Bcc"யிலேயே சேருங்கள். முதல் மடலில் இருந்த கோப்பு பதில் மடலில் தானாக வராது; கோப்பிலும் அதே பிழை இருந்தால், திருத்திய கோப்பை வேறு பெயரில் இணையுங்கள்.

பிறகு பொருள் வரியை மாற்றுங்கள். ஜிமெயிலில் இதனால் மடல் தனி உரையாடலாகப் பிரியும். ஆனால் மடலைத் திறக்காதவருக்கும் சரியான தேதி தெரிந்துவிடும் என்பதால், அந்தப் பிரிவு நல்லதே என்பேன்.

> பொருள்: திருத்தம்: பயிற்சி வகுப்பு மார்ச் 12, வியாழக்கிழமை
>
> அனைவருக்கும் வணக்கம்.
> பயிற்சி வகுப்பு மார்ச் 12, வியாழக்கிழமை காலை 10 மணிக்கு நடைபெறும். இன்று காலை அனுப்பிய மின்னஞ்சலில் தேதி மார்ச் 13 எனத் தவறாகக் குறிப்பிட்டிருந்தேன். நேரமும் இடமும் மாறவில்லை. சிரமத்துக்கு வருந்துகிறேன்.

சரியான தேதி முதல் வாக்கியத்திலேயே வருவதையும், தவறானது ஒரே முறை மட்டும் சொல்லப்படுவதையும் கவனியுங்கள். "நேரமும் இடமும் மாறவில்லை" என்பதை விட்டுவிட்டால், "அப்படியானால் இடம்?" என்று கேட்டு நாலு பேராவது எழுதுவார்கள். பிழை எப்படி நேர்ந்தது என்ற விளக்கம் யாருக்கும் பயன்படாது. வருத்தம் ஒரு வரியில் போதும்.

நாட்காட்டி அழைப்பும் அனுப்பியிருந்தால், புதிதாக ஒன்றை உருவாக்காமல் பழைய நிகழ்வையே திருத்தி, மாற்றத்தை அனைவருக்கும் அனுப்புங்கள். இல்லையேல் அவர்களது நாட்காட்டியில் இரண்டும் நிற்கும். "13ஆம் தேதி வருகிறேன்" என்று ஏற்கெனவே பதில் எழுதியவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுதி, 12ஆம் தேதி வர இயலுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.