அம்மாவின் சிபிஎஃப் நாமினேஷனைப் பிள்ளை நிரப்பும்போது

என் அம்மா மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆங்கிலப் படிவம் எது வந்தாலும் என் பக்கம்தான் தள்ளுவார். சிங்கப்பூரின் மத்திய சேமநிதியான சிபிஎஃப்பில் உள்ள பணம் தனக்குப் பிறகு யாருக்குப் போக வேண்டும் என்று எழுதிவைக்கும் நாமினேஷனையும் அப்படித்தான் தள்ளினார். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் கேட்டது இது: “அம்மா, எங்க மூணு பேருக்கும் சமமா போட்டுடட்டுமா?” அம்மா, “போடுப்பா” என்றார்.

முதல் தவறு அந்தக் கேள்விதான். பதிலை நானே உள்ளே வைத்துக் கேட்டால், தலையாட்டுவதைத் தவிர அவர் என்ன செய்வார்? அதுவும் பங்கு வாங்கப்போகிற பிள்ளையே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது. இன்னொன்றும் உண்டு. அப்பா இப்போது இல்லை. நாமினேஷன் எழுதாமல் விட்டால், சிபிஎஃப் பணம் அரசாங்க அறங்காவலர் வழியாக, கட்டணம் கழித்துக்கொண்டு, வாரிசுரிமைச் சட்டப்படி பிரிக்கப்படும். முஸ்லிம் அல்லாத எங்கள் குடும்பத்தில் அதுவும் பிள்ளைகளுக்குச் சமபங்குதான். அப்படியானால் நான் நிரப்பவிருந்த படிவத்தில் அம்மாவின் விருப்பம் என்று தனியாக எதுவுமே இல்லை.

மறுநாள் தங்கை வேலைக்குப் போன பிறகு, வேறு மாதிரி கேட்டேன். “உனக்குப் பிறகு இந்தப் பணம் யார் யாருக்குப் போகணும்?” கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒரு கேள்வி கேட்டார்: “இப்பவே எடுத்துக்குவாங்களா?” முந்தைய நாள் “போடுப்பா” என்றபோது இந்தப் பயம் அவர் மனத்தில் இருந்திருக்கிறது. அவர் இருக்கும்வரை பணம் அவருடையதுதான், மாதாமாதம் வருவது நிற்காது, மனம் மாறினால் புதிதாக எழுதலாம், புதியது பழையதை ரத்து செய்துவிடும் என்று சொன்னேன். வீடு இதில் சேராது, உயிலில் எழுதினாலும் சிபிஎஃப் பணத்துக்கு அது செல்லாது என்பதையும் சொன்னேன். அப்புறம், “நான் சொன்னதை நீ ஒருதரம் சொல்லு” என்றேன். வீடும் சேர்த்துத்தான் என்று சொன்னார். மறுபடி விளக்கினேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. அதன் பிறகு அவர் சொன்ன பங்கு, சமபங்கு அல்ல. என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை.

அடுத்த தவறு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடக்கும். நியமிக்கப்படுபவரின் முழுப்பெயரும் அடையாள அட்டை எண்ணும் வேண்டும். உடனே “அம்மா நாமினேஷனுக்கு ஐசி படம் அனுப்புங்க” என்று குழுவில் போட்டுவிடுகிறோம். யாரிடம் கேட்கிறோமோ அவருக்குப் பங்கு, யாரிடம் கேட்கவில்லையோ அவருக்கு இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். யாரை நியமிக்கிறார் என்பதை உயிரோடு இருக்கும்போது யாருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் அம்மாவுக்கு இல்லை. எண்ணைத் தனித்தனியாகக் கேட்டு வாங்கி, படிவத்தில் ஏற்றியதும் அழித்துவிடுங்கள். பெயர் அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். வீட்டில் கூப்பிடும் பெயர் உதவாது.

சாட்சி விஷயத்திலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும், இருவருக்கும் 21 வயது ஆகியிருக்க வேண்டும், இருவருமே பங்கு பெறுபவராக இருக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிறார்களே என்று வீட்டு ஆட்களையே போட்டால் அங்கேதான் சிக்கல். பிள்ளைகளுக்கே தெரியக் கூடாது என்று அம்மா நினைத்தால், சிபிஎஃப் சேவை மையத்தில் முன்பதிவு செய்து அழைத்துப் போங்கள். சாட்சிக்கு ஆள் இல்லையென்றால் அங்குள்ள அதிகாரிகளே சாட்சியாக இருப்பார்கள். நீங்கள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். எனக்கு இதுதான் நல்ல வழி என்று தோன்றுகிறது. நான் அப்போது யோசிக்கவில்லை.

இணையத்தில் செய்வதானால், அரசாங்கச் சேவைகளுக்குள் நுழைய உதவும் மின் அடையாளமான சிங்பாஸ் அம்மாவின் கைபேசியில், அவருடைய எண்ணில் இருக்கட்டும். வசதிக்காக உங்கள் எண்ணைப் பதிந்துவிட்டால், அவர் பெயரில் வரும் ஒவ்வொரு அறிவிப்பும் உங்களிடம்தான் வரும், அவருக்கு ஒன்றும் தெரியாது. கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்வதும் அதே கதை. உள்ளே நுழைந்ததும் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று திரையில் தெரியும். நாமினேஷனுக்கு அந்தத் தொகை வேண்டியதில்லை, சதவீதம் போதும். எல்லாம் கூட்டினால் 100 வர வேண்டும். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பெயரையும் பங்கையும் தமிழில் வாசித்துக் காட்டி, கடைசிப் பொத்தானை அவரையே அழுத்தச் சொல்லுங்கள்.

மறதி நோய் முற்றிய பிறகு இதையெல்லாம் செய்ய முடியாது. மனத்திறன் போனால் தனக்காக முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் நீடித்த அதிகாரப் பத்திரம் இருக்கிறதே என்று சிலர் நினைக்கிறார்கள். அதை வைத்திருப்பவரும் அம்மாவுக்காக சிபிஎஃப் நாமினேஷன் எழுத முடியாது.

அன்று சாயங்காலம் தங்கை, “அம்மா யாருக்கு எவ்வளவு போட்டாங்க?” என்று கேட்டாள். “அம்மாவைக் கேளு” என்றேன். அம்மா அடுப்படியில் இருந்தார், திரும்பவே இல்லை.