‘து’வுக்கு முன்னால் பாருங்கள்

எங்கள் குடியிருப்புக் குழுவில் அறிவிப்பு எழுதுவது என் வேலை. நடுவே ‘ச்’ இல்லாமல் ‘கேட்டு சொல்கிறேன்’ என்று எழுதினால் கண்ணில் இடித்தது. அதற்காக ‘வந்துச் சொல்கிறேன்’ என்றால் இன்னும் மோசம். கைபேசியின் பிழைதிருத்தி இரண்டையும் கோடிடாமல் விட்டது. ஒற்று எங்கே மிகும் என்று இலக்கண நூல் தரும் நீண்ட பட்டியலோ, அவசரத்தில் நினைவுக்கு வரவேயில்லை.

கடைசியில் கைகொடுத்தது உகரத்தில் முடியும் வினையெச்சத்தின் ஈற்றயல் எழுத்து, அதாவது கடைசிக்கு முந்தைய எழுத்து. அது வல்லின மெய் என்றால் ஒற்று மிகும்: எடுத்துக் கொடு, கேட்டுச் சொல், விற்றுத் தா. வேறு எது இருந்தாலும் மிகாது: வந்து பார், செய்து கொடு, அழுது தீர். இகரத்திலும் ‘ய்’யிலும் முடிபவை எப்போதும் மிகும்: ஓடிப் பார், போய்ச் சொல்.

நேற்றைய செய்தி ‘மோட்டாரை கழற்றி பார்த்து சொன்னார்கள்’ என்று வந்தது. ‘மோட்டாரைக் கழற்றிப் பார்த்துச் சொன்னார்கள்’ என்று மாற்றினேன். முதலில் ‘க்’ வந்தது ‘ஐ’ உருபுக்காக. அதிலேயே இருந்த ‘தண்ணீர் வந்து போகிறது’ என்பதைத் தொடவில்லை.

அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால்தான் இந்தக் கணக்கு. ‘எடுத்து டாக்டரிடம் காட்டு’ என்பதில் ஒற்றுக்கு வேலையில்லை. பலர் கவனிக்காதது காற்புள்ளி: ‘நிறுத்திவிட்டுப் பிறகு சொல்லுங்கள்’ சரி, இடையே காற்புள்ளி போட்டால் அந்தப் ‘ப்’ போய்விட வேண்டும்.