உருளைக்கிழங்கு உருண்டை இல்லை: எலிப்சாய்டு கன அளவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேத்தி பக்கம் ஒரு தோட்டத்தில் இந்தக் கார்போகக் கிழங்குகளை அளந்துகொண்டிருந்த இரண்டு தம்பிகளின் நோட்டை எட்டிப் பார்த்தேன். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்திருந்தார்கள். பல வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே வேலை! எரிச்சல் வந்தது, அவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

கூட்டல் தப்பு, சென்டிமீட்டரையும் மில்லிமீட்டரையும் கலப்பது, இதெல்லாம் இங்கே வேண்டாம். அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சராசரி ஆரம் எடுப்பது

கோளத்தின் கன அளவு (4/3)πr³ என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கிழங்கோ நீளம் ஒரு மாதிரி, அகலம் ஒரு மாதிரி, தடிமன் வேறு மாதிரி. அப்படிப்பட்ட உருவத்துக்கு எலிப்சாய்டு என்று பெயர், கன அளவு (4/3)πabc. a, b, c என்பவை மூன்று பக்கத்து அரையச்சுகள், அதாவது முழு நீளத்தில் பாதி, முழு அகலத்தில் பாதி, முழு தடிமனில் பாதி. மூன்றும் சமமானால் abc என்பது r³ ஆகிவிடும், பழைய சூத்திரம் திரும்பக் கிடைக்கும்.

ஏன் பெருக்கல்? 1 செ.மீ. ஆரமுள்ள உருண்டையைப் பொடிப்பொடிக் கனசதுரங்களால் ஆனதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் a மடங்கு, அடுத்த பக்கம் b மடங்கு, மூன்றாவது பக்கம் c மடங்கு என்று இழுத்தால் ஒவ்வொரு கனசதுரமும் abc மடங்கு பெரிதாகிறது. எல்லாப் பொடியும் அப்படியே பெரிதாவதால் மொத்த உருண்டையும் abc மடங்குதான். இதில் கூட்டலுக்கு எங்கேயும் இடமே இல்லை, பிறகு சராசரி எங்கிருந்து வரும்?

ஒரு கிழங்கைப் பார்ப்போம். நீளம் 12, அகலம் 8, தடிமன் 6 செ.மீ. அரையச்சுகள் 6, 4, 3, பெருக்கினால் 72, கன அளவு சுமார் 302 கன செ.மீ. சராசரிக்காரர் கணக்கில் ஆரம் 4.33, அதன் மும்மடி 81 சொச்சம், கன அளவு 341. பதின்மூன்று சதவீதம் கூடுதல். கிழங்கு இன்னும் நீளமாகி 15, 6, 6 என்றால் சரியான விடை 283, சராசரி விடை 382. உண்மையான அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்றைச் சேர்த்து விற்கிறீர்கள்.

ஒருபோதும் குறைவாக வராது என்பதைக் கவனியுங்கள். சமமில்லாத மூன்று எண்களின் சராசரியை மும்மடியாக்கினால் அது எப்போதும் அவற்றின் பெருக்கலைவிடப் பெரிதுதான். அதனால் நூறு கிழங்கு அளந்தாலும் பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டாது, எல்லாம் ஒரே பக்கம் சாயும். சராசரிதான் வேண்டும் என்றால் மூன்றையும் பெருக்கி, அதன் கனமூலத்தை எடுங்கள். 72-க்கு அது 4.16. அந்த ஆரத்தைக் கோளச் சூத்திரத்தில் போட்டால் சரியான விடையே வரும்.

என் கதை இதுதான். தராசு வேலை செய்யாத ஒரு நாள், செடிக்கு எத்தனை கிழங்கு என்று எண்ணி, மாதிரிக் கிழங்குகளை வெர்னியரில் அளந்து, கன அளவை எடையாக்கி ஐம்பது மூட்டை வரும் என்று சொல்லிவிட்டேன். அதற்கு ஏற்ற வண்டி மேட்டுப்பாளையத்துக்குப் பேசியாகிவிட்டது. வந்தது நாற்பத்து நான்கு. வாடகை முழுசாகக் கொடுத்தோம். இதில் வேடிக்கை, நான் சோதித்துப் பார்க்காமல் இல்லை. நல்ல உருண்டையான கிழங்கு ஒன்றை எடுத்துச் சோதித்தேன், விடை அழகாகப் பொருந்தியது. பொருந்தாமல் எப்படி இருக்கும்? உருண்டையில் இரண்டு முறையும் ஒன்றுதானே! அப்புறம்தான் புரிந்தது, சோதிக்க வேண்டியது குவியலில் இருப்பதிலேயே கோணலான, நீளமான கிழங்கை.

சோதனை சுலபம். விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் மண் கழுவிய கிழங்கை மெதுவாக இறக்கி, வழிந்த தண்ணீரை அளவுக் குவளையில் பிடியுங்கள். மேலே சொன்ன 12, 8, 6 கிழங்குக்கு 300 மில்லிக்குப் பக்கத்தில் வந்தால் கணக்கு சரி. கண் குழிகளாலும் மேடுபள்ளத்தாலும் கொஞ்சம் முன்பின் ஆகும், ஆனால் 340 வராது.

முழு நீளத்தைப் போடுவது

எட்டு மடங்கு வரும். பாதியாக்க மறந்தால் (4/3)π-க்குப் பதில் π/6 போடுங்கள்.

எல்லாக் கிழங்கையும் சராசரியாக்கிப் பிறகு கணக்கிடுவது

இது எதிர்ப்பக்கம் சாயும். 2 செ.மீ. ஆர உருண்டை ஒன்று, 4 செ.மீ. ஒன்று: கன அளவுகள் 34, 268, சராசரி 151. சராசரி ஆரம் 3 என்று எடுத்தால் 113தான். ஒவ்வொன்றுக்கும் கன அளவு கண்டுபிடித்துவிட்டு, கடைசியில் சராசரி எடுங்கள்.

வசதியான பக்கத்தை அளப்பது

மூன்று அளவும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்வாக வெர்னியரைப் பிடித்தால் வருவது அச்சு இல்லை.

மேற்பரப்பையும் இதேபோல் நீட்டிக்கலாம் என்பது

முடியாது. மூன்று பக்கமும் வெவ்வேறாக இழுத்தால் மேல்தோலின் ஒவ்வொரு இடமும் வெவ்வேறு அளவுக்கு நீளும், பொதுவான ஒரு மடங்கு கிடையாது. மூன்று அரையச்சும் வெவ்வேறானால் abc மாதிரி ஒரு வரிச் சூத்திரமே இல்லை.