டொரண்டோ, லண்டன், சிட்னி, மதுரை: நான்கு வீடுகளும் ஒரே அழைப்பில் சேர நேரம் கண்டுபிடிப்பது எப்படி?

மதுரையில் பாட்டி, டொரண்டோவில் பெரியப்பா, லண்டனில் அத்தை, சிட்னியில் சித்தி. நான்கு வீடுகளும் ஒரே வீடியோ அழைப்பில் சேர வேண்டும். "ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசலாம்" என்று குடும்பக் குழுவில் யாரோ எழுதுகிறார்கள். யாருடைய காலை? மதுரையில் ஞாயிறு காலை 7 மணி அடிக்கும்போது டொரண்டோவில் சனிக்கிழமை இரவே முடிந்திருக்காது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு தாள், ஒரு பேனா, கூட்டல் கழித்தல் போதும். கணக்கைப் பெரியவர்களிடம் விடாமல் வீட்டில் பதின்வயதில் இருப்பவர்களே பொறுப்பெடுத்துச் செய்யலாம்.

படி 1: எல்லோருக்கும் பொதுவான ஒரு கடிகாரம்

ஊருக்கு ஊர் நேரடியாகக் கணக்குப் போட்டால் நான்கு ஊர்களுக்கு ஆறு வித்தியாசங்களை நினைவில் வைக்க வேண்டியிருக்கும். அதைவிட எல்லா நேரத்தையும் முதலில் பொதுவான உலக நேரத்துக்கு மாற்றிவிடுவது எளிது. உங்கள் போனில் `UTC` என்று தெரிவது அதுதான்.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அதாவது மணிக்கு 15 பாகை. இந்தியா தன் நேரத்தை 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டை வைத்துக் கணக்கிடுகிறது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் அருகே செல்லும் கோடு அது. 82.5-ஐ 15-ஆல் வகுத்தால் 5.5 வரும். அதனால்தான் நம் நேரம் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இலங்கையும் 2006 முதல் இதே நேரத்தையே பின்பற்றுகிறது. ஆகவே யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

```
மதுரை      UTC+5:30   (ஆண்டு முழுவதும்)
லண்டன்     UTC+0      கோடையில் UTC+1
டொரண்டோ    UTC-5      கோடையில் UTC-4
சிட்னி       UTC+10     கோடையில் UTC+11
```

உள்ளூர் நேரத்திலிருந்து உலக நேரத்துக்குப் போகும்போது, கூட்டல் குறி உள்ள ஊர் என்றால் அந்த எண்ணைக் கழிக்க வேண்டும். கழித்தல் குறி உள்ள ஊர் என்றால் கூட்ட வேண்டும். திரும்பி வரும்போது இதற்கு நேர்மாறு. ரயில் டிக்கெட்டில் இருப்பதைப் போல 24 மணி நேரக் கணக்கில் எழுதுங்கள். காலை 7, மாலை 7 குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

படி 2: இன்று எந்த எண் பொருந்தும்?

மேலே மூன்று ஊர்களுக்கு இரண்டு எண்கள் இருக்கின்றன. கோடையில் மாலை வெளிச்சம் நீண்ட நேரம் கிடைக்க வேண்டும் என்பதற்காக அந்த ஊர்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். கோடை முடிந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். நாம் அப்படிச் செய்வதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, அங்கே கோடை எப்போது என்பது. சிட்னி பூமியின் தென்பாதியில் இருப்பதால் அங்கே கோடை டிசம்பர், ஜனவரியில் வரும். டொரண்டோவிலும் லண்டனிலும் அப்போது பனிக்காலம். மாறும் நாளும் ஊருக்கு ஊர் வேறு. டொரண்டோவில் கோடை நேரம் மார்ச் இரண்டாவது ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு முடியும். லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. சிட்னியில் அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி அடுத்த ஏப்ரல் முதல் ஞாயிறு வரை.

2026-இல் இந்த ஞாயிறுகள் மார்ச் 8, மார்ச் 29, ஏப்ரல் 5, அக்டோபர் 4, அக்டோபர் 25, நவம்பர் 1 என்று வருகின்றன. இவற்றுக்கு இடைப்பட்ட வாரங்களில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மார்ச் 8 முதல் 29 வரை டொரண்டோ மாறியிருக்கும், லண்டன் மாறியிருக்காது. வழக்கமாக ஐந்து மணி நேரமாக இருக்கும் இடைவெளி அந்த மூன்று வாரமும் நான்காகிவிடும். நாள்காட்டியில் இந்த ஆறு நாள்களையும் வட்டமிட்டு வைப்பது நல்லது.

ஆஸ்திரேலியாவில் எல்லா ஊரும் ஒன்றுபோல் நடப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கோடை நேரம் கிடையாது. சித்தி பிரிஸ்பேனுக்குக் குடிமாறினால் கணக்கும் மாறும். அதனால் "ஆஸ்திரேலியா நேரம்" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். ஊர்ப் பெயரை எழுதுங்கள்.

படி 3: விழித்திருக்கும் நேரத்தைக் கோடாக வரையுங்கள்

ஒவ்வொரு வீட்டிலும் காலை 7 முதல் இரவு 10 வரை பேசலாம் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை மாதத்துக்கு இதை உலக நேரத்தில் மாற்றிப் பார்க்கலாம்.

மதுரை: 7:00-லிருந்து 5:30 கழித்தால் 1:30, 22:00-லிருந்து கழித்தால் 16:30. லண்டனில் அப்போது கோடை, எனவே ஒரு மணி கழித்து 6:00 முதல் 21:00 வரை.

டொரண்டோவுக்கு நான்கு கூட்ட வேண்டும். 7:00 என்பது 11:00 ஆகிறது. 22:00 என்பது 26:00 ஆகிறது. ஒரு நாளில் 26 மணி இல்லை. 24-ஐக் கழித்தால் மறுநாள் 2:00. சிட்னியில் குளிர்காலம் என்பதால் பத்துக் கழிக்க வேண்டும். 7:00-லிருந்து பத்துப் போனால் கழித்தல் 3. 24-ஐக் கூட்டினால் முந்தைய நாள் 21:00. முடிவு நேரம் 12:00.

இப்போது தாளில் 0 முதல் 24 வரை கட்டம் போட்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு கோடுகள் வரையுங்கள். டொரண்டோவின் கோடும் சிட்னியின் கோடும் நள்ளிரவைத் தாண்டுவதால் இரண்டு துண்டுகளாக விழும். பயப்பட வேண்டாம்; தாளின் வலது ஓரத்தில் முடிவது இடது ஓரத்தில் தொடரும். நான்கு கோடுகளும் சேர்ந்து நிற்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: 11:00 முதல் 12:00 வரை.

அதைத் திருப்பி உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் மதுரையில் மாலை 4:30, டொரண்டோவில் காலை 7, லண்டனில் நண்பகல் 12, சிட்னியில் இரவு 9. ஒரு மணி நேரம் பேசலாம். பெரியப்பா காபி குடித்துக்கொண்டிருப்பார், சித்தி படுக்கப் போகும் நேரமாக இருக்கும், ஆனால் எல்லோரும் விழித்திருப்பார்கள்.

படி 4: அதே கணக்கை ஜனவரிக்குப் போடுங்கள்

ஜூலையில் கிடைத்த 4:30 மணியை ஆண்டு முழுவதற்கும் வைத்துக்கொள்ள முடியாது. ஜனவரியில் டொரண்டோ ஒரு மணி பின்னால் போய்விடுகிறது. சிட்னி ஒரு மணி முன்னால் வந்துவிடுகிறது. இருவருக்கும் இடையே ஜூலையில் 14 மணி நேரமாக இருந்த இடைவெளி 16 ஆகிறது.

கோடுகளை மறுபடி வரைந்தால் உலக நேரம் 12:00-க்குத்தான் டொரண்டோ எழுகிறது. சிட்னி 11:00-க்கே படுத்துவிடுகிறது. மாலை நேரச் சந்திப்பு காணாமல் போகிறது. மதுரையில் 4:30-க்கு அழைத்தால் டொரண்டோவில் காலை 6 மணி, குளிரில் இருட்டு விலகியிருக்காது.

அதற்குப் பதிலாக வேறோர் இடம் திறக்கிறது. உலக நேரம் 1:30 முதல் 3:00 வரை மதுரை, டொரண்டோ, சிட்னி மூன்றும் விழித்திருக்கின்றன. மதுரையில் ஞாயிறு காலை 7 முதல் 8:30, சிட்னியில் ஞாயிறு பிற்பகல் 12:30 முதல் 2, டொரண்டோவில் சனிக்கிழமை இரவு 8:30 முதல் 10. லண்டன் அத்தைக்குத்தான் நள்ளிரவுக்குப் பிந்தைய 1:30.

ஆக ஜனவரியில் நான்கு வீட்டுக்கும் பொதுவான நேரம் இல்லை. யாராவது விட்டுக்கொடுத்தால் ஒரு வழி உண்டு. உலக நேரம் 12:00-க்கு அழைத்தால் டொரண்டோவில் காலை 7, லண்டனில் நண்பகல் 12, மதுரையில் மாலை 5:30, சிட்னியில் இரவு 11. ஜனவரியின் பெரும்பகுதி சிட்னியில் பள்ளிக் கோடை விடுமுறை என்பதால், பொங்கல் போன்ற நாளில் சித்தி வீட்டுப் பிள்ளைகள் 11 மணி வரை விழித்திருக்க ஒப்புக்கொள்ளக்கூடும். ஆனால் வாரந்தோறும் அவர்களிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. சாதாரண வாரங்களுக்கு இரண்டு அழைப்புகளாகப் பிரிப்பதே என் யோசனை: மதுரை நேரப்படி காலையில் சிட்னியும் டொரண்டோவும், இரவு 7:30-க்கு லண்டனும் டொரண்டோவும். அப்போது லண்டனில் பிற்பகல் 2, டொரண்டோவில் காலை 9.

படி 5: தேதியை மறக்காதீர்கள்

மணியைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டுத் தேதியில் தவறுவது சாதாரணமாக நடப்பது. கழிக்கும்போது விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் முந்தைய நாள். கூட்டும்போது 24-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அடுத்த நாள். பெரியப்பாவின் பிறந்தநாள் ஜனவரி 20 என்றால், மதுரையில் 20-ஆம் தேதி காலை 10:30-க்குத்தான் டொரண்டோவில் அந்த நாள் பிறக்கிறது. காலை எழுந்ததும் வாழ்த்தினால் அவருக்கு இன்னும் 19-ஆம் தேதி மாலைதான்.

படி 6: போனில் சரிபார்த்து, செய்தியை அனுப்புங்கள்

போனின் கடிகாரச் செயலியில் உலகக் கடிகாரத்தைத் திறந்து நான்கு ஊர்களையும் சேர்த்துவிடுங்கள். இன்றைய வித்தியாசத்தை அது சரியாகக் காட்டும். மூன்று மாதம் கழித்து நடக்கப்போகும் அழைப்புக்கு அது போதாது. நடுவில் கடிகாரம் மாறியிருக்கலாம். அப்படிப்பட்ட அழைப்பை நாள்காட்டிச் செயலியில் அந்தத் தேதியில் பதிந்து, நேர மண்டலத்தை மதுரைக்கு `Asia/Kolkata` என்றோ இந்திய நேரம் என்றோ தேர்ந்தெடுங்கள். அழைப்பிதழைப் பெறுபவர்களின் போனில் அவரவர் நேரம் தானாகத் தெரியும். வாராந்தர அழைப்பாகப் பதிந்தால் மதுரையின் மணி நிலையாக நிற்கும். மற்றவர்களின் மணிதான் மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் நகரும். வட்டமிட்ட ஞாயிறு வரும்போது குழுவில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

`IST`, `EST` போன்ற மூன்றெழுத்துச் சுருக்கங்களைச் செய்தியில் தவிர்த்துவிடுங்கள். `IST` என்பதை இந்தியாவைப் போலவே இஸ்ரேலும் அயர்லாந்தும் பயன்படுத்துகின்றன. ஊர், கிழமை, நேரம் மூன்றையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுங்கள். 2026 ஜூலை 12 அழைப்புக்கான செய்தி இப்படி இருக்கலாம்:

```
பாட்டியுடன் வீடியோ அழைப்பு - ஜூலை 12, ஞாயிறு
டொரண்டோ: ஞாயிறு காலை 7:00
லண்டன்: ஞாயிறு நண்பகல் 12:00
மதுரை: ஞாயிறு மாலை 4:30
சிட்னி: ஞாயிறு இரவு 9:00
```

அனுப்பும் முன் ஒவ்வொரு வரியையும் உலக நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். நான்கிலும் 11:00 வந்தால் அனுப்பலாம். ஒன்றில் மட்டும் 10:00 அல்லது 12:00 வந்தால் அந்த ஊரின் கோடை நேரத்தைத் தவறவிட்டிருக்கிறீர்கள். அரை மணி நேரம் இடித்தால் மதுரையின் 30 நிமிடத்தை விட்டுவிட்டீர்கள்.