தண்ணீரை உறிஞ்சாத கிச்சன் டவலைச் சரிசெய்வது எப்படி? (மைக்ரோஃபைபர் துணிக்கும் மாஸ்க்குக்கும் சேர்த்து)

துவைத்து மடித்து வைத்த கிச்சன் டவலால் ஈரத் தட்டைத் துடைக்கிறீர்கள். தண்ணீர் துணிக்குள் இறங்காமல் தட்டின் மேலேயே அங்குமிங்கும் ஓடுகிறது. துணி பழசாகிவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் நூலின் மேல் ஏதோ ஒன்று படிந்திருக்கும்: சமையல் எண்ணெய், அலசும்போது போகாமல் தங்கிய சலவைத்தூள், அல்லது மணத்துக்காகக் கடைசியில் ஊற்றும் கண்டிஷனர். கண்டிஷனரின் வேலையே நூலின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து துணியை மென்மையாக்குவதுதான். அந்தப் பூச்சு தண்ணீரை உள்ளே விடாது.

முதலில் ஒரு சோதனை. காய்ந்த டவலை மேசையில் விரித்து, விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நல்ல பருத்தித் துணி என்றால் சொட்டு உடனே பரவி மறையும். முத்து மாதிரி உருண்டு நின்றால் படிவு இருக்கிறது. நான்கைந்து இடங்களில் விட்டுப் பாருங்கள். என் டவல் ஒன்றில் ஓரங்கள் நன்றாக உறிஞ்சின, நடுவில் மட்டும் சொட்டு நின்றது. கை துடைக்கும் இடம் அதுதான், எண்ணெயும் அங்கேதான்.

பருத்தி டவலுக்கு

ஒரு வாளியில் இரண்டரை லிட்டர் கொதிநீரையும் அதே அளவு குழாய்த் தண்ணீரையும் கலந்தால் ஏறக்குறைய 60 டிகிரி சூடு கிடைக்கும். கை விடாதீர்கள், சுடும். ஒரு மேசைக்கரண்டி சலவை சோடாவைப் போட்டு ஒரு குச்சியால் கரைத்து, இரண்டு டவல்களை முக்கி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். சமையல் சோடா வேறு, இது வேறு. சலவை சோடாவுக்குக் காரம் அதிகம் என்பதால்தான் எண்ணெய்ப் பிசுக்கு பிரிகிறது. அதனாலேயே கையுறை வேண்டும். சாயம் போகும் துணி என்றால் ஓரத்தில் சோதித்துவிட்டுப் போடுங்கள்.

நடுவில் சொட்டு நின்ற அந்த டவலை ஊறவைத்தபோது, துவைத்த துணியாக இருந்தும், தண்ணீர் டீ நிறத்துக்கு வந்து மேலே எண்ணெய்த் திட்டு மிதந்தது. அதைக் கொட்டிவிட்டு, வழக்கத்தில் பாதி அளவு சலவைத்தூளில் துவைத்தேன். பிறகு அலசுவதுதான் முக்கியம். நுரை நின்ற பிறகும் ஒரு முறை அலசுங்கள். பிழியும்போது துணி வழுவழுவென்று இருந்தால் சோப்பு இன்னும் போகவில்லை. எனக்கு நான்கு அலசல் ஆனது. காய்ந்ததும் அதே நடுவில் சொட்டு விட்டேன், உடனே இறங்கியது.

காய்ந்திருக்கும்போது வாடை இல்லாத டவல் நனைந்ததும் நாறினால், நூலுக்குள் பிசுக்கும் கிருமியும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி ஊறவையுங்கள். நாற்றத்தை மறைக்கக் கண்டிஷனர் ஊற்றினால் படிவுதான் கூடும். வெள்ளைத் துணிக்கு பிளீச் போடுகிறவர்கள் அதோடு வினிகரைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும்.

மைக்ரோஃபைபருக்கு இந்த வழி ஒத்துவராது

இது பாலியெஸ்டரும் நைலானும் சேர்ந்த செயற்கை இழை. முடியைவிட மெல்லிய இழைகளுக்கு இடையில் உள்ள இடுக்குகள்தான் தூசியையும் ஈரத்தையும் பிடிக்கின்றன. கடும் சூடு பட்டால் இழை நுனிகள் சுருண்டு கெட்டிப்படும். அப்படி ஆனதைத் திருப்ப முடியாது. பிளீச்சும் இழையைக் கெடுக்கும். கை தாங்கும் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் திரவச் சோப்பு, அவ்வளவு போதும். தூள் என்றால் முழுதாகக் கரையாத துகள்கள் இடுக்கில் தங்கிவிடும். பருத்தி டவலோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், உதிரும் பஞ்சு முழுக்க இதில் ஒட்டிக்கொள்ளும். இஸ்திரியும் வேண்டாம், சூடான டிரையரும் வேண்டாம். காற்றிலேயே சீக்கிரம் காய்ந்துவிடும்.

துணி மாஸ்க்

காதுப்பட்டையைப் பிடித்துக் கழற்றி, ஒரு நாள் போட்டதை அன்றே துவையுங்கள். டவல் வாளியில் சேர்க்காதீர்கள். மூக்குக் கம்பியைக் கழற்ற முடிந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். சோப்பும் 60 டிகிரி சுடுநீரும் நல்லது. கொதிக்கவைத்தால் எலாஸ்டிக் தளரும். சூடு ஆறியதும் மூச்சு படும் உள்பக்கத் தையல் மடிப்பை விரலால் தேய்த்து, சோப்பு வாசனை போகும்வரை அலசுங்கள். கண்டிஷனர் இதற்கும் ஆகாது, அந்த மணத்தை நாள் முழுக்கச் சுவாசிக்க வேண்டிவரும்.

காய்ந்துவிட்டதா என்று மேல் அடுக்கைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அடுக்குகள் சேரும் தையலை அழுத்திப் பாருங்கள், ஈரம் கடைசிவரை அங்கேதான் தங்கும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நூல் விலகி வெளிச்சம் பளிச்சென்று தெரியும் இடம் இருந்தால் அந்த மாஸ்க்கை மாற்றிவிடுங்கள்.