அளவீடு அனுப்பாத சோடிக்கு எழுதும் மின்னஞ்சல்

ஆய்வுகூடச் சோடி அளவீடுகளை இன்னும் அனுப்பவில்லை என்றால், "டேட்டா அனுப்புங்கோ" என்று மட்டும் எழுதாதீர்கள். "ஓம், அனுப்புறன்" என்று பதில் வரும், அளவீடு வராது. எது, எப்போது, எப்படி என்ற மூன்றும் மடலில் இருக்கட்டும். கிணற்று நீரின் வன்மையைக் கண்ட நியமிப்பு என்றால் இப்படி எழுதலாம்:

பொருள்: கிணற்று நீர் வன்மை: 2ஆம் மாதிரி வாசிப்புகள், புதன் இரவு 8 மணிக்குள்

வணக்கம்,
2ஆம் மாதிரியின் மூன்று நியமிப்புகளுக்கும் அளவியின் தொடக்க, இறுதி வாசிப்புகள் உங்கள் கொப்பியில் இருக்கின்றன. 14ஆம் திகதி புதன் இரவு 8 மணிக்குள் அனுப்ப முடியுமா? பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாலும் போதும். அறிக்கை வெள்ளி மாலை 4 மணிக்குக் கொடுக்க வேண்டும். கணிப்புக்கு வியாழன் தேவை. ஏதாவது வாசிப்பு விடுபட்டிருந்தால் இன்றே சொல்லுங்கள், விரிவுரையாளரிடம் கேட்டுப் பார்ப்போம்.
நன்றி.

சராசரியை மட்டும் கேட்காதீர்கள். 12.40, 12.45, 13.60 மில்லிலீற்றர் என்று வந்தால் மூன்றாவது பிழைத்தது பார்த்தவுடனே தெரியும், சராசரியான 12.82க்குள் அது ஒளிந்துவிடும். தொடக்க வாசிப்பும் இருந்தால், கழித்ததில் பிழையா என்றும் பார்க்கலாம்.

"நேரம் கிடைக்கும்போது" என்று எழுதினால் கெடு போய்விடும். "ஏன் இன்னும் அனுப்பவில்லை" என்ற கேள்வியும் வேண்டாம். பதிலாகக் காரணம்தான் வரும். புதன் இரவு தாண்டினால் இன்னொரு மடல் எழுதாமல் நேரே தொலைபேசியில் எடுங்கள்.