தைமஸா, டான்சிலா? 4 மடங்கிலேயே தெரிந்துவிடும்

திசுவியல் ஸ்லைடில் ஊதா நிற நிணநீர்த் திசு தெரிந்தால், உடனே 40 மடங்கு லென்ஸுக்குத் தாவாமல், 4 மடங்கிலேயே ஸ்லைடை நகர்த்தி, நடுவில் வெளிறிய பகுதிகள் ஒவ்வொன்றும் தனித்தனி வட்டமாக முடிகின்றனவா, ஒன்றோடொன்று தொடர்கின்றனவா என்று பாருங்கள். செய்முறைத் தேர்வில் மாணவர்கள் குழம்புவது இங்கேதான்.

டான்சிலில் வெளிறியவை பி செல்கள் பெருகும் முளைமையங்கள் என்பதால் அவை தனி வட்டங்களாக நிற்கும். தைமஸிலோ அது மெடுல்லா. கருத்த கார்டெக்ஸ் சூழ்ந்திருந்தாலும், அது ஒரு நுண்மடலிலிருந்து அடுத்ததற்குக் கிளைபோல் தொடரும். பிறகு 40 மடங்கில் வெங்காயச் சுருள் போன்ற, இளஞ்சிவப்பு ஹாசால் உருண்டையைத் தேடி உறுதிசெய்யலாம். ஆனால், டான்சிலின் குழிப்பள்ளம் குறுக்கே வெட்டுப்பட்டாலும் ஏறக்குறைய அப்படியே தோன்றும். உள்ளே வெற்றிடமும் உதிர்ந்த செல்களும் இருந்தால் அது பெரும்பாலும் பள்ளமே.

மயஸ்தீனியா கிராவிஸ் நோயாளியின் தைமஸில் முளைமையங்கள் உருவாகக்கூடும் என்பதால், நோய்க்கூறியல் ஸ்லைடுகளுக்கு இந்த வழி பொருந்தாது. முதியவரின் தைமஸிலும் பெரும்பகுதி கொழுப்பாகிவிடுவதால், எஞ்சிய தீவுகளில் ஹாசால் உருண்டையைத்தான் நம்ப வேண்டும்.